16:9 ஸ்லைடை 4:3 ஆக்கியபோது: எங்கே Maximize, எங்கே Ensure Fit

சனிக்கிழமை மதியம் பள்ளி ஹாலில் திரையில் விழுந்த ஒரு வட்டத்தை டேப் வைத்து அளந்தேன். குறுக்கே 63 செ.மீ., நெடுக்கே 63 செ.மீ. இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக வருவதற்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. வழியில் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன். பழைய ப்ராஜெக்டர் உள்ள இடத்தில் பாடம் எடுக்கும் யாருக்காவது பயன்படும்.

நான் பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். தண்டு, வேர், இலை ஆகியவற்றின் உள்ளமைப்புக்கென்று 48 ஸ்லைடுகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நுண்ணோக்கியில் எடுத்த குறுக்குவெட்டுப் படங்கள். நடுவில் படம், இரண்டு பக்கமும் கோடு இழுத்துப் பாகங்களின் பெயர்கள், வலது கீழ் மூலையில் அளவுகோல் கோடு. வீட்டு லேப்டாப்பில் செய்தது, எனவே பவர்பாயிண்ட் தானாகத் தரும் 16:9 அளவு. சென்டிமீட்டரில் சொன்னால் அகலம் 33.867, உயரம் 19.05.

எங்கள் ஹாலில் இருப்பது 1024×768 ப்ராஜெக்டர். அதாவது 4:3. சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டைப் போட்டு, "வெளிக்கோடு வட்டமா இருக்கு பாருங்க, வாஸ்குலார் கற்றைகள் ஒரு வளையமா அமைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மிஸ், இது வட்டமா இல்லையே, முட்டை மாதிரி நிக்குதே?" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தண்டு செங்குத்தாக நீண்டு, இருபுறமும் அமுக்கியதுபோல் இருந்தது. தண்டின் வடிவத்தை வைத்துத்தான் அந்தப் பாடத்தையே நடத்துகிறேன். வடிவம் தவறாக விழுந்தால் படம் காட்டாமலே இருந்துவிடலாம்.

ப்ராஜெக்டர் 4:3, என் ஸ்லைடு 16:9, அதனால்தான் நசுங்குகிறது, ஸ்லைடையும் 4:3 ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். அது பாதிதான் சரி என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் முயற்சி: Maximize

வீட்டுக்கு வந்ததும் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொண்டேன். இந்த ஒரு வேலையை முதலிலேயே சரியாகச் செய்திருக்கிறேன், பின்னால் அது காப்பாற்றியது. அப்புறம் Design தாவலில் வலது ஓரத்தில் உள்ள Slide Size, அதில் Standard (4:3). உடனே ஒரு சிறு பெட்டி வந்தது. புது அளவுக்கு மாறும்போது உள்ளே இருப்பதைப் பெரிதாகவே வைக்கவா, இல்லை முழுதும் அடங்கும்படி சிறிதாக்கவா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள், Maximize, Ensure Fit.

பின் பெஞ்சுக்கும் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் Maximize அழுத்தினேன்.

முதல் ஸ்லைடைப் பார்த்ததும் திருப்தி. தண்டுப் படம் பழைய அளவிலேயே, நல்ல வட்டமாக நின்றது. இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போகத்தான் பிரச்சினை புரிந்தது. படத்திலிருந்து கிளம்பிய கோடுகள் ஸ்லைடின் விளிம்பு வரை வந்து வெட்டுப்பட்டு நின்றன. "கோலன்கைமா" என்பதில் "மா" மட்டும் இடது ஓரத்தில் எட்டிப்பார்த்தது. "ஃபுளோயம்", "கேம்பியம்" இரண்டும் முழுக்க வெளியே. வலது மூலையில் இருந்த அளவுகோல் கோட்டையும் காணோம்.

எதுவும் அழிந்துபோகவில்லை. எடிட் செய்யும் திரையில் ஸ்லைடுக்கு வெளியே உள்ள சாம்பல் பகுதியில் எல்லாம் பத்திரமாகக் கிடந்தன. ஸ்லைடு ஷோவில்தான் வராது. கணக்கு எளிது. 33.867 செ.மீ. அகலம் 25.4 ஆகிறது, உயரம் 19.05 அப்படியே இருக்கிறது. Maximize எதையும் சிறிதாக்குவதில்லை, ஆகவே குறைந்த 8.47 செ.மீ. இரண்டு பக்கமும் சரிபாதியாக வெட்டுப்படுகிறது. பக்கத்துக்கு 4.23 செ.மீ. என் பெயர்ப் பெட்டிகள் எல்லாம் சரியாக அந்த நாலு சென்டிமீட்டரில்தான் இருந்தன.

இரண்டாவது முயற்சி: Ensure Fit

Ctrl+Z அழுத்தினால் அளவு மாற்றமும் திரும்பிவிடுகிறது. திரும்பி வந்து, அதே வழியில் போய், இந்தத் தடவை Ensure Fit.

எல்லாம் உள்ளே இருந்தது. ஒரு எழுத்துகூட வெட்டுப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடின் மேலும் கீழும் 2.38 செ.மீ. வெற்றிடம், நடுவில் எல்லாமே சுருங்கிய உருவம். 12 செ.மீ. குறுக்களவு இருந்த தண்டுப் படம் 9 செ.மீ. ஆகியிருந்தது. 24 புள்ளியில் இருந்த பாகங்களின் பெயர்கள் 18 புள்ளிக்கு இறங்கியிருந்தன. 25.4-ஐ 33.867-ஆல் வகுத்தால் 0.75. படம், கோடு, எழுத்து எல்லாவற்றையும் அந்த 0.75-ஆல் பெருக்கி நடுவில் வைத்துவிடுகிறது.

ஒரு நல்ல விஷயம் இதில் உண்டு. அளவுகோல் கோடும் படமும் ஒரே விகிதத்தில் சுருங்கியதால், கோட்டின் மேல் எழுதியிருந்த அளவு இன்னும் உண்மையாகவே இருந்தது. ஆனால் நாலைந்து ஸ்லைடுகளில் அளவுகோலுக்குப் பதில் "40x" என்று வெறும் உருப்பெருக்க எண் போட்டிருந்தேன். திரையில் படத்தின் அளவு மாறிய பிறகு அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. உண்மையில் ப்ராஜெக்டரில் போட்ட முதல் நாளிலிருந்தே பொருள் இல்லை. அவற்றை எல்லாம் எடுத்துவிட்டேன்.

அன்று இரவு ஒரு தவறு செய்தேன். Ensure Fit செய்த பிரதியைச் சேமித்து மூடிவிட்டு, மறுநாள் திறந்து, பழைய 16:9-க்கே போய்விடலாம் என்று Slide Size-இல் Widescreen (16:9) கொடுத்தேன். எதுவும் கேட்காமல் மாறியது. ஸ்லைடு அகலமானது, உள்ளே இருந்தவை மட்டும் சுருங்கியது சுருங்கியபடியே நடுவில் நின்றன. நாலு பக்கமும் வெற்றிடம். கோப்பை மூடிவிட்டால் Ctrl+Z-உம் கிடையாது. முதலில் தனியாக எடுத்து வைத்த மூலக் கோப்பு இல்லாவிட்டால் 48 ஸ்லைடையும் கையால் பெரிதாக்கியிருக்க வேண்டும்.

அது மட்டுமில்லாமல், எங்கள் பள்ளிச் சின்னம் இந்தப் பிரதியில் மேலும் கீழும் அமுக்கிய மாதிரி தெரிந்தது. Ensure Fit-தான் நசுக்கிவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

டேப் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு

அடுத்த திங்கள் மாலை வகுப்பு முடிந்ததும் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் ஹால் சாவி வாங்கிக்கொண்டு போனேன். கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை, அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மூலக் கோப்பில் முதல் ஸ்லைடாக ஒரு வெற்று ஸ்லைடு சேர்த்து, நடுவில் ஒரு வட்டம் போட்டேன். Shape Format-இல் உயரம் 10 செ.மீ., அகலம் 10 செ.மீ. என்று கையால் அடித்தேன். பிறகு அதே ஸ்லைடை Maximize பிரதியிலும் Ensure Fit பிரதியிலும் அதே மாற்றத்துக்கு உட்படுத்தினேன்.

ப்ராஜெக்டரின் ஒளி விழும் பகுதி 160 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் இருந்தது. சரியான 4:3. மூலக் கோப்பைப் போட்டு, அண்ணன் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, வட்டத்தை அளந்தோம். குறுக்கே 47, நெடுக்கே 63.

"டீச்சர், கருப்புப் பட்டையே வரலையே. 16:9 படம் போட்டா மேலயும் கீழயும் கருப்பா நிக்கணுமே" என்றார் அண்ணன்.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. Windows விசையோடு P அழுத்திப் பார்த்தால் Duplicate-இல் இருந்தது. என் லேப்டாப் திரை 1366×768. அதையே ப்ராஜெக்டருக்கும் அனுப்ப, அது தன் 1024×768-க்குள் அந்த முழு அகலத்தையும் அமுக்கி நிரப்பிக்கொண்டிருந்தது. பவர்பாயிண்ட் எந்தத் தவறும் செய்யவில்லை. வட்டம் லேப்டாப்பை விட்டு வெளியேறும் வரை வட்டம்தான்.

Extend-க்கு மாற்றி, Display settings-இல் இரண்டாவது திரையைத் தேர்ந்தெடுத்து, 1024×768 கொடுத்தேன். மேலும் கீழும் 15 செ.மீ. கருப்புப் பட்டை வந்தது. மறுபடி அளந்தோம். குறுக்கே 47, நெடுக்கே 47. முட்டை போய்விட்டது. ஸ்லைடு அளவையே தொடாமல்.

அப்புறம் Ensure Fit பிரதியைப் போட்டு அளந்தோம். அங்கும் 47-க்கு 47.

இது எனக்குப் புதிதாக இருந்தது, எனவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16:9 ஸ்லைடை 160 செ.மீ. அகலத்தில் காட்டினால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 4.72 மடங்கு பெரிதாகிறது. 4:3 ஸ்லைடைக் காட்டினால் 6.3 மடங்கு. ஆனால் Ensure Fit அதற்கு முன்பே எல்லாவற்றையும் 0.75 ஆக்கிவிட்டது. 6.3-ஐ 0.75-ஆல் பெருக்கினால் மீண்டும் 4.72. ஆகவே 16:9 ஸ்லைடை 4:3 ஆக்கி Ensure Fit கொடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால், திரையில் ஒரு எழுத்துகூடப் பெரிதாகாது. மேலும் கீழும் இருந்த கருப்புப் பட்டைக்குப் பதிலாக ஸ்லைடின் பின்னணி நிறத்தில் பட்டை வரும், அவ்வளவுதான். அந்தப் பட்டையை நாம் கையால் பயன்படுத்திக்கொண்டால்தான் அளவு மாற்றியதற்குப் பலன்.

Maximize பிரதியில் வட்டம் 63-க்கு 63 வந்தது. பரப்பளவில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு பெரிய படம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கேம்பியத்தின் மெல்லிய அடுக்கு 47-இல் ஒரு கறைபோல் இருந்தது, 63-இல் தனி அடுக்காகத் தெரிந்தது. இதற்காகவே இந்த வேலையைத் தொடர்ந்தேன். இல்லையென்றால் Extend மாற்றியதோடு நிறுத்தியிருப்பேன்.

எந்த ஸ்லைடுக்கு எது

இரண்டு பொத்தானும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகத்தான் மாற்றுகின்றன, எதுவும் என் படங்களைச் சப்பையாக்கவில்லை என்பது வட்டத்தை அளந்ததில் உறுதியாகிவிட்டது. இனி கேள்வி, ஒவ்வொரு ஸ்லைடிலும் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான்.

அதை முன்கூட்டியே பார்க்க ஒரு வழி கிடைத்தது. மூலக் கோப்பில் View தாவலில் Guides-ஐ டிக் செய்தேன். நடுவில் ஒரு நிலைக்கோடும் ஒரு கிடைக்கோடும் வரும். வலது கிளிக் செய்து இன்னும் இரண்டு நிலைக்கோடுகளைச் சேர்த்து, ஒன்றை நடுவிலிருந்து இடதுபக்கம் 12.70 செ.மீ., இன்னொன்றை வலதுபக்கம் 12.70 செ.மீ. தள்ளி வைத்தேன். இழுக்கும்போதே நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று எண் காட்டுவதால் அளவு நாடா தேவையில்லை. இந்த இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள 25.4 செ.மீ.தான் Maximize-இல் மிஞ்சும் பகுதி. 48 ஸ்லைடையும் Page Down அழுத்திக்கொண்டே பார்த்துக் குறித்துக்கொள்ள இருபது நிமிடம் ஆனது.

17 ஸ்லைடுகளில் கோட்டுக்கு வெளியே எதுவும் இல்லை. ஒற்றைப் படம், அல்லது ஒரு தலைப்பும் நாலு வரியும். இவை நேரே Maximize. 20 ஸ்லைடுகளில் பாகங்களின் பெயர்கள் வெளியே இருந்தன. 7 ஸ்லைடுகளில் அட்டவணை அல்லது அம்புக்குறிகளால் இணைத்த பெட்டிகள் முழு அகலத்துக்கும் பரவியிருந்தன. மீதி 4, பாடப்பகுதி தொடங்கும் இடங்களில் முழுப் பின்னணிப் படம் வைத்த ஸ்லைடுகள்.

பெயர்கள் வெளியே இருந்த அந்த 20-இல்தான் எனக்கு அதிக நேரம் போனது. முதலில், எல்லாம் உள்ளே இருக்கிறதே என்று Ensure Fit பிரதியிலிருந்து தொடங்கினேன். 9 செ.மீ. ஆகிவிட்ட படத்தை மறுபடி 12 ஆக்க வேண்டும், 18 புள்ளி ஆகிவிட்ட எழுத்தை 24 ஆக்க வேண்டும், கோடுகளை எல்லாம் புதிதாக ஒட்ட வேண்டும். படத்தையும் பெயர்களையும் Ctrl+G போட்டு ஒரே குழுவாக்கி இழுத்துப் பெரிதாக்கலாம் என்று பார்த்தேன். குழுவை இழுத்தால் படம் பெரிதாகிறது, எழுத்தின் புள்ளி அளவு மாறுவதில்லை. அதோடு, மூலையைப் பிடிக்காமல் பக்கவாட்டுப் பிடியை இழுத்துவிட்டேன். விளைவு, நான் தப்பிக்க நினைத்த அதே முட்டை வடிவம், இந்தத் தடவை என் கையாலேயே. Shift-ஐப் பிடித்துக்கொண்டு மூலையை இழுத்தால் விகிதம் மாறாது.

ஒரு ஸ்லைடுக்கு நாற்பது நிமிடம் என்று ஆறு ஸ்லைடு முடித்தேன். ஏழாவதில் நிறுத்திவிட்டு Maximize பிரதியில் அதே ஸ்லைடைத் திறந்து பார்த்தேன். அங்கே படம் 12 செ.மீ. அப்படியே இருக்கிறது. எழுத்து 24 புள்ளி அப்படியே இருக்கிறது. பெயர்கள் மட்டும் சாம்பல் பகுதியில் நிற்கின்றன. அவற்றை உள்ளே இழுத்து வைத்தால் போதும், எதையும் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ தேவையில்லை.

சூரியகாந்தித் தண்டு ஸ்லைடையே சொல்கிறேன். நடுவில் 12 செ.மீ. படம் போக இரண்டு பக்கமும் 6.7 செ.மீ. இருந்தது. இடப்பக்கத்துப் "புறத்தோல்", "கோலன்கைமா", "புறணி" மூன்றும் அந்த இடத்தில் தாராளமாக அடங்கின. வலப்பக்கத்தில் "ஃபுளோயம்", "கேம்பியம்", "சைலம்" ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. "பித்" மட்டும் படத்துக்குக் கீழே. கோட்டின் படத்தைத் தொடும் முனையை அசைக்காமல் பெயர்ப்பக்க முனையை மட்டும் இழுத்துப் பெட்டியோடு சேர்த்தேன். அளவுகோல் கோட்டை அப்படியே நகர்த்திப் படத்தின் கீழ் வைத்தேன். அதை நகர்த்தலாம், நீளத்தை மட்டும் தொடக் கூடாது. படம் மாறாமல் கோட்டின் நீளம் மாறினால் அந்த அளவு பொய்யாகிவிடும். நகர்த்தும்போது தவறி அதன் முனைப் பிடியைத் தொட்டுவிடாமல் இருக்க, அம்புக்குறி விசைகளாலேயே நகர்த்தினேன்.

பத்து நிமிடத்தில் முடிந்தது. முன்பு செய்த ஆறையும் தூக்கிவிட்டு, இருபதையும் Maximize பிரதியிலேயே செய்தேன். மூன்று மாலை நேரங்கள் போயின.

அட்டவணையும் அம்புக்குறிப் பெட்டிகளும் உள்ள 7 ஸ்லைடுகளில் இந்த வழி நடக்காது. ஒரு பெட்டியை நகர்த்தினால் அதோடு இணைந்தவை எல்லாம் இடம் மாற வேண்டும், அட்டவணையின் ஓர நிரல்களை உள்ளே இழுக்கவே முடியாது. இவற்றுக்குத்தான் Ensure Fit. அந்தப் பிரதியைத் திறந்து, இடது ஓரச் சிறுபடங்களில் Ctrl பிடித்து ஏழையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, Maximize பிரதியில் அந்தந்த இடத்தில் ஒட்டினேன். இரண்டு கோப்பும் ஒரே 4:3 அளவு என்பதால் ஒட்டும்போது எதுவும் மறுபடி சுருங்கவில்லை. ஒட்டும் விருப்பங்களில் Use Destination Theme கொடுத்தேன். Keep Source Formatting கொடுத்தால், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அமைப்பை வைத்திருக்கும் மாஸ்டர் இரண்டாவதாக ஒன்று உள்ளே வந்துவிடும், பின்னால் சின்னத்தை மாற்றும்போது இரண்டு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஒட்டியபின் தலைப்பு இடம் தவறியிருந்த ஸ்லைடுகளில் Home தாவலின் Reset அழுத்தியதும் லேஅவுட்டில் உள்ள இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஐந்து நிரல் உள்ள ஒருவித்திலை, இருவித்திலை ஒப்பீட்டு அட்டவணைக்கு மட்டும் Ensure Fit-உம் போதவில்லை. 20 புள்ளி எழுத்து 15 ஆகிவிட்டது. கணக்குப்படி திரையில் அது பழைய அளவுதான், ஆனால் அந்தப் பழைய அளவே கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை என்பதை அன்றுதான் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். தண்டுக்கு ஒன்று, வேருக்கு ஒன்று என்று இரண்டு ஸ்லைடாகப் பிரித்து எழுத்தை 24 ஆக்கினேன். அதனால் இப்போது மொத்தம் 49.

நிஜமாகவே நசுங்கியவை

பின்னணிப் படம் வைத்த 4 ஸ்லைடுகள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே மாதிரிதான் வந்தன. மரங்கள் எல்லாம் ஒல்லியாகி நெட்டையாக நின்றன. காரணம், அவற்றை நான் படமாகச் செருகவில்லை, Format Background-இல் Picture or texture fill ஆகக் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தது ஸ்லைடு எந்த வடிவமோ அந்த வடிவத்துக்கு இழுபட்டு நிரம்பும். Maximize, Ensure Fit இரண்டும் ஸ்லைடின் மேல் வைத்த பொருள்களைத்தான் விகிதம் பார்த்து மாற்றுகின்றன.

அதே பலகத்தில் Offset left, Offset right என்று இரண்டு கட்டங்கள் உண்டு. படம் ஸ்லைடைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே பக்கத்துக்கு ஆறில் ஒரு பங்கு. இரண்டிலும் -17% கொடுத்ததும் மரங்கள் பழைய உருவத்துக்கு வந்தன. இரண்டு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டது, பரவாயில்லை. ஒரு படத்தில் மட்டும் முக்கியமான கிளை இடது ஓரத்தில் இருந்தது. அதில் பின்னணியை எடுத்துவிட்டு, படத்தைச் சாதாரணமாகச் செருகி, Crop-இல் Aspect Ratio 4:3 கொடுத்து, சட்டத்துக்குள் படத்தை நகர்த்திக் கிளை தெரியும்படி வைத்தேன். அடுத்த முறை நாலையும் இப்படியே செய்வேன். பார்த்துக்கொண்டே வெட்ட முடிகிறது.

அப்புறம் பள்ளிச் சின்னம். View-இல் Slide Master திறந்து, சின்னத்தில் வலது கிளிக், Format Picture, அளவுப் பகுதி. Scale Height 36%, Scale Width 48%. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 36-ஐ 48-ஆல் வகுத்தால் 0.75. சரி, Ensure Fit-தான் செய்தது என்று உறுதியாக எழுதப் போகிற நேரத்தில், மூலக் கோப்பையும் ஒரு தடவை திறந்து பார்த்தேன். அங்கேயும் உயரம் அகலத்தின் 0.75 பங்குதான். Ensure Fit-க்கு முன்பே சின்னம் நசுங்கித்தான் இருந்திருக்கிறது, வட்டமாக வேண்டியதை நீள்வட்டமாகப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம்.

அந்த மாஸ்டர் எங்களுக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் 4:3-இல் செய்து தந்தது. இடையில் யாரோ பவர்பாயிண்ட் 2010-இல் திறந்து 16:9 ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பதிப்பில் இந்தக் கேள்வியே வராது. 10 அங்குல அகலத்தை அப்படியே வைத்து, 7.5 அங்குல உயரத்தை 5.625 ஆக்கி, உள்ளே இருக்கும் படங்களையும் அதோடு சேர்த்து அமுக்கிவிடும். 5.625-ஐ 7.5-ஆல் வகுத்தால் அதே 0.75. Maximize, Ensure Fit என்று கேட்கும் வழக்கம் 2013 பதிப்பிலிருந்துதான். ஒரே எண் வந்ததால் தவறான ஆளைப் பிடித்திருந்தேன்.

Lock aspect ratio டிக்கை எடுத்துவிட்டு உயரத்தையும் 48% ஆக்கி, டிக்கை மறுபடி போட்டேன். Reset Picture & Size அழுத்தினாலும் விகிதம் சரியாகும், ஆனால் ஏற்கெனவே செய்த வெட்டலும் போய்விடும். சின்னத்தின் ஓர வெள்ளையை வெட்டி வைத்திருந்ததால் அதை நான் பயன்படுத்தவில்லை. மாஸ்டரில் மாற்றியதும் 49 ஸ்லைடிலும் சின்னம் வட்டமானது.

இதன்பிறகு சந்தேகம் வந்து எல்லாப் படங்களின் Scale எண்களையும் பார்த்தேன். இரண்டு வேர்ப் படங்களும் அதே பழைய கோப்பிலிருந்து நகலெடுத்தவை, அவையும் 0.75. சென்ற ஆண்டு முழுவதும் அந்த வேர்களைச் சப்பையாகவே காட்டியிருக்கிறேன். சரிசெய்துவிட்டேன்.

செலவு என்று பெரிதாக இல்லை. ஹால் ப்ராஜெக்டருக்கு HDMI கிடையாது, முன்பே வாங்கிய VGA மாற்றி ஒன்று 350 ரூபாய். நேரம்தான் செலவு, வீணான ஆறு ஸ்லைடுகளையும் சேர்த்து ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அந்த ஆறையும் தவறான பிரதியில் தொடங்காமல், ஹாலில் முதல் நாளே Extend வைத்து அளந்திருந்தால் ஆறு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

புதிதாகச் செய்யும் ஸ்லைடுகளில் 12.70 கோடுகள் இரண்டையும் நிரந்தரமாக வைத்துவிட்டேன். 16:9-இல் செய்தாலும் பெயர்களை அந்தக் கோடுகளுக்குள்ளேயே வைக்கிறேன், வெளியே அலங்காரம் மட்டும். 10 செ.மீ. வட்டம் உள்ள ஸ்லைடு எல்லாக் கோப்பிலும் முதல் ஸ்லைடாக இருக்கிறது, Hide Slide போட்டு. 16:9 மூலக் கோப்பை "மூலம்" என்று பெயரிட்டு, படிக்க மட்டும் என்று பூட்டித் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் தை மாதம் ஒரு வகுப்பு எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். அங்கே 1920×1080 தொடுதிரைப் பலகை, ஆகவே அங்கே போகப்போவது அந்த மூலம்தான். அதிலும் சின்னத்தையும் இரண்டு வேர்ப் படங்களையும் திருத்த வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.